கல்லூரி விழா டி-ஷர்ட்: ஏழு ஸ்கிரீனை மூன்றாகக் குறைக்க வழி உண்டா?

விழாக்குழு

வணக்கம். எங்கள் துறை விழாவுக்கு 150 டி-ஷர்ட் அச்சடிக்க வேண்டும். அடர் நீல நிறம், முழுப் பருத்தி, S முதல் XXL வரை. டிசைன் நான்தான் செய்தேன். ஒரு பழைய ரேடியோப் பெட்டி, அதன் பின்னால் பாதி எழுந்த சூரியன், இரண்டு பக்கமும் வெளிர்நீல மேகம், மேலே விழாவின் பெயர் வெள்ளையில். சூரியன் நடுவில் மஞ்சளாகத் தொடங்கி ஆரஞ்சு வழியாக ஓரத்தில் சிவப்பாக மாறும். எல்லாவற்றையும் சுற்றிக் கறுப்புக் கோடு.

ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவரிடம் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது ஏழு ஸ்கிரீன்மா. மூணா குறைச்சு, நிறம் நிறமா பிரிச்ச ஃபைலா கொண்டு வா" என்று அனுப்பிவிட்டார். நான் எண்ணினால் ஆறு நிறம்தான் வருகிறது: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, வெள்ளை, வெளிர்நீலம், கறுப்பு. ஏழாவது எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

14 அங்குல அகலத்தில் நெஞ்சு முழுக்க வர வேண்டும் என்பது குழுவின் ஆசை. ஃபைல் இல்லஸ்ட்ரேட்டரில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பிக்சல்பித்தன்

சுலபம் சகோ. ஃபைலை சிஎம்ஒய்கே மோடுக்கு மாற்றுங்க, 300 டிபிஐ வைங்க, பின்னணி இல்லாத பிஎன்ஜியா கொடுங்க. ஆறு நிறம், ஏழு நிறம்னு எண்ணவே வேண்டாம். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு, நாலே ஸ்கிரீன்ல எல்லா நிறமும் கிடைக்கும். பத்திரிகை எல்லாம் அப்படித்தானே அடிக்கிறாங்க. நான் போஸ்டர் எல்லாம் இப்படித்தான் அனுப்புறேன், ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை.

கடைசிபெஞ்ச்

அடர் நீலமெல்லாம் எல்லாரும் போடுறாங்க. மரூன் போங்க, கெத்தா இருக்கும்.

விழாக்குழு

@கடைசிபெஞ்ச் சட்டை வந்து விடுதி அறையில் மூட்டையாகக் கிடக்கிறது. கேள்வி அச்சைப் பற்றி.

மைக்கறை

பிக்சல்பித்தன் தம்பி சொன்னது வெள்ளைச் சட்டைக்குச் சரி. அந்த நாலு மையும் ஒளி ஊடுருவுற மை. கீழே வெள்ளைக் காகிதமோ வெள்ளைத் துணியோ இருந்தால்தான் அது நிறமாத் தெரியும். அடர் நீலத்துணி மேல அந்த மஞ்சளை இழுத்தால் அழுக்குப் பச்சையா ஏதோ ஈரம் பட்ட மாதிரி இருக்கும். அடியில் வெள்ளை போட்டு மேல நாலையும் அடிக்கலாம்தான். ஆனா அப்போ அஞ்சு ஸ்கிரீன். நாலு நிறப் புள்ளியும் துணி மேல ஒன்றோட ஒன்று நகராமல் உட்காரணும். கையால் இழுக்கிற மேஜையில் 150 உருப்படிக்கு அந்தத் துல்லியத்தை நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன்.

தங்கச்சி, உங்க ஏழாவது ஸ்கிரீன் அந்த அடிவெள்ளைதான். கூச்சப்பட ஒன்றுமில்லை, முதல் தடவை வர்ற எல்லாரும் அதை விட்டுட்டுத்தான் எண்ணுவாங்க. கறுத்த துணி மேல மஞ்சளும் சிவப்பும் பளிச்சுன்னு தெரியணும்னா முதலில் அதே வடிவத்தில் வெள்ளை இழுத்து, ஃபிளாஷ் அடுப்பில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவைத்து, அதுக்கு மேலதான் நிறம் வரும்.

இப்போ குறைக்கலாம். முதல் வெட்டு கறுப்பு. அடர் நீலத்துணியில் கறுப்புக் கோடு எங்கே தெரியப் போகுது? அந்த இடத்தில் ஒன்றுமே அடிக்காம துணியை அப்படியே விட்டுடுங்க. துணியின் நிறமே கோடாகிடும். இலவசமாக் கிடைச்ச ஒரு நிறம் அது. கணினியில் கறுப்புக் கோட்டோட பார்த்துப் பழகின கண்ணுக்கு முதலில் ஏமாற்றமா இருக்கும், சட்டையில் வித்தியாசம் தெரியாது.

இன்னொரு லாபமும் இருக்கு. நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவில் துணிக்கோடு ஓடினால், ஒரு ஸ்கிரீன் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் யாருக்கும் தெரியாது. இரண்டு நிறம் நேருக்கு நேர் தொட்டு நின்றால்தான் நகர்வு பல்லிளிக்கும்.

விழாக்குழு

அருமை அண்ணா. ஆனாலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, வெளிர்நீலம், வெள்ளை, அடிவெள்ளை என்று ஆறு மிச்சம். சூரியனை ஒரே மஞ்சளாக்கினால் உயிரே போய்விடும்.

மைக்கறை

சூரியனைக் கெடுக்க வேண்டாம். ஆரஞ்சுக்குன்னு மை வாங்காதீங்க. சூரியன் முழுக்க மஞ்சள் போகட்டும். அதுக்கு மேல சிவப்பை ஓரத்தில் முழுசா, உள்ளே வர வரப் புள்ளி சிறுத்து மறையுற மாதிரி அடிக்கணும். ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தால் மஞ்சள் மேல சிவப்புப் புள்ளி ஆரஞ்சாத்தான் தெரியும். ஆரஞ்சு ஸ்கிரீன் போச்சு.

வெளிர்நீல மேகத்துக்கும் இதே தந்திரம். உங்க துணியே நீலம். அது மேல வெள்ளையைப் புள்ளி புள்ளியா அடிச்சால், இடையில் தெரியுற நீலமும் வெள்ளையும் சேர்ந்து வெளிர்நீலம் ஆகிடும். கொஞ்சம் சாம்பல் கலந்த நீலமா வரும், நீங்க கணினியில் வைத்த வானநீலம் வராது. மேகத்துக்கு அது போதும்னு நினைக்கிறேன்.

கடைசியில் அடிவெள்ளையும் வெள்ளை எழுத்தும் ஒரே ஸ்கிரீனில் போகலாம். ஆக வெள்ளை, மஞ்சள், சிவப்பு. இந்த வரிசையிலேயே அடிப்பாங்க. வெள்ளைக்குப் பிறகு ஒரு ஃபிளாஷ், அப்புறம் மஞ்சள், அது ஈரமா இருக்கும்போதே சிவப்பு.

சூடழுத்தி

இவ்வளவு மெனக்கெடணுமா? டிடிஎஃப்ல கொடுத்தா நிறக் கணக்கே இல்லை. ஃபிலிம்ல அச்சாகி, பின்னால் பசைப்பொடி ஒட்டி, சூட்டில் அழுத்தினால் முடிந்தது. ஏழு என்ன, எழுபது நிறம் வைங்க. நான் அதைத்தான் செய்கிறேன்.

மைக்கறை

20 சட்டையா இருந்தால் நானே உங்ககிட்ட அனுப்பி வைப்பேன். 150 வரும்போது கணக்கு மாறும். ஸ்கிரீன் செய்யுற வேலை ஒரே ஒரு தடவைதான், அந்தச் செலவு 150ஆல் வகுபடும். டிடிஎஃப்பில் நூற்றைம்பதாவது சட்டைக்கும் முதல் சட்டைக்கு ஆன அதே ஃபிலிமும் மையும் ஆகும். அதோட 14 அங்குலத்துக்கு நெஞ்சு மேல ஒரு முழுத் தகடு ஒட்டின மாதிரி இருக்கும், காற்றுப் போகாது.

சூடழுத்தி

தகடு மாதிரி இருக்கிறது உங்க முழு வெள்ளை அடித்தளமும்தான், அதை மறந்துடாதீங்க. டிசைனில் துணி தெரியுற இடைவெளி விட்டால் எங்களுக்கும் காற்றுப் போகும். ஒன்று மட்டும் ஒத்துக்கிறேன். மங்கி மறையுற நிழல், ஒளிவட்டம் எல்லாம் வைத்து ஃபைல் அனுப்பினால் டிடிஎஃப்பில் அதுக்குக் கீழே வெள்ளை போய் ஓரமெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி வரும். முடி அளவுக் கோடும் நாலு சலவையில் உரிய ஆரம்பிக்கும். அதனால் யார்கிட்டக் கொடுத்தாலும் அந்த மங்கலை எல்லாம் எடுத்துட்டுக் கொடுங்க.

பந்துவீச்சு

இது சம்பந்தமா என் அனுபவம். எங்க அணிக்குச் சிவப்பு ஜெர்ஸியில் வெள்ளை எண் அடித்தோம். வாங்கும்போது பளிச்னு வெள்ளை. ஒரு வாரத்தில் பெட்டியைத் திறந்தால் எல்லா எண்ணும் இளஞ்சிவப்பு. மையில் ஏமாத்திட்டாங்களா? உங்க வெள்ளையும் நீலமாகிடுமோன்னு பயமா இருக்கு.

மைக்கறை

உங்க ஜெர்ஸி பாலியஸ்டரா இருக்கும். அதில் ஏற்றின சாயம் சூடு பட்டால் ஆவியாகி மைக்குள்ளே ஏறும். அடித்த அன்றைக்குத் தெரியாது, மெதுவாத்தான் கசியும். அதுக்குன்னு சாயம் தடுக்கிற வெள்ளை மை தனியா இருக்கு, காயவைக்கிற சூட்டையும் குறைக்கணும். இவங்க சட்டை முழுப் பருத்தி, இந்தப் பிரச்சினை வராது. ஆனா @விழாக்குழு, கழுத்துப் பட்டையில் உள்ள லேபிளை ஒரு தடவை படிச்சிடுங்க. பருத்தின்னு சொல்லிக் கலப்புத்துணி வர்றது உண்டு.

விழாக்குழு

படித்தேன், 100% பருத்திதான். இப்போது அளவு. 14 அங்குலம் வைக்கலாமா? என் ஆர்ட்போர்டு ஏ3 தாளின் அளவு. அச்சுக்காரர் பெரிதாக்கிக்கொள்ள மாட்டாரா?

தையல்மிஷின்

நான் ஆயத்த ஆடையில் அளவு பார்க்கும் வேலை செய்பவள். உங்கள் மூட்டையில் ஒரு S சட்டையை எடுத்து மேஜையில் விரித்து, அக்குளுக்குக் கீழே குறுக்காக அளந்து பாருங்கள். பெரும்பாலும் 18 அங்குலம் வரும். 14 அங்குல அச்சு வைத்தால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம்தான் மிச்சம். மேஜையில் அது அழகாக இருக்கும். உடம்பில் போட்டால் நெஞ்சு வளையும், உங்கள் மேகங்கள் இரண்டும் கைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். XXL சட்டை 24 அங்குலம் இருந்தால் அதில் 14 நன்றாகவே உட்காரும். ஆனால் எல்லா அளவுக்கும் ஒரே ஸ்கிரீன்தான் என்றால் சின்னச் சட்டையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். S-இல் 11க்கு மேல் போகாதீர்கள்.

பெண்களுக்கு இடுப்பு ஒடுங்கிய வெட்டு இருக்கிறதா? இருந்தால் 10 போதும்.

மைக்கறை

அக்கா சொன்ன 11 எனக்கும் வசதி. பல கடையில் ஸ்கிரீன் செய்யுறதுக்கு ஃபிலிம் எடுக்கிற பிரிண்டர் ஏ3 அளவு, அதாவது அகலம் 11.7 அங்குலம். நிறங்களை நேரா உட்கார வைக்கிற ரெஜிஸ்டர் குறிகளுக்கும் ஓரத்தில் இடம் வேணும். 14 கேட்டால் ஃபிலிமை இரண்டாப் பிரிச்சு ஒட்டணும், அங்கேதான் கோணல் ஆரம்பிக்கும்.

விழாக்குழு

XXL போடுகிறவர்கள் "எனக்கு மட்டும் ஸ்டாம்பு ஒட்டின மாதிரி இருக்கு" என்று சண்டைக்கு வருவார்களே. பெரிய அளவுகளுக்குத் தனி ஸ்கிரீன் செய்யலாமா?

தையல்மிஷின்

செய்யலாம், மூன்று ஆறாகும். XL-உம் XXL-உம் சேர்த்து எத்தனை?

விழாக்குழு

31.

தையல்மிஷின்

அதற்கு இன்னொரு மூன்று ஸ்கிரீன் வேண்டாம். அகலத்தை விட்டு உயரத்தைக் கூட்டுங்கள். கதிர்களைக் கொஞ்சம் மேலே நீட்டி 11க்கு 13 என்று வைத்தால் பெரிய சட்டையிலும் சின்னதாகத் தெரியாது.

இன்னொன்று. டிசைனை உண்மை அளவில் சாதாரணத் தாளில் அச்செடுத்து, ஓரம் வெட்டி, ஒரு S போடும் தோழியின் சட்டையிலும் ஒரு XXL போடும் நண்பரின் சட்டையிலும் ஊசி குத்திப் பாருங்கள். மேல் விளிம்பு கழுத்துத் தையலிலிருந்து 3 அங்குலம் கீழே இருக்கட்டும். விரித்த சட்டையைப் பார்த்து எல்லோரும் அச்சைக் கீழே இறக்கிவிடுவார்கள். போட்டதும் அது வயிற்றில் போய் உட்காரும். விழாப் பெயர் சரியாக எந்த இடத்தில் விழுகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள், பெண்கள் சட்டையில் ஒரு வரி எழுத்து தவறான உயரத்தில் நின்றால் யாரும் இரண்டாம் முறை போட மாட்டார்கள்.

விழாக்குழு

தாள் வைத்துப் பார்த்தோம். 14 அங்குலத் தாளும் எடுத்திருந்தேன். S-இல் குத்தியதும் ஒரு மேகம் நிஜமாகவே காணாமல் போனது, குழுவில் வாக்குவாதமே இல்லாமல் முடிந்துவிட்டது. 11க்கு 13.

இனி ஃபைல். மூன்று நிறமாக மாற்றி `Separations Preview` திறந்து பார்த்தேன். மூன்றுக்குப் பதில் எட்டுத் தட்டு காட்டுகிறது. சிஎம்ஒய்கே நான்கும் இருக்கின்றன, சிவப்பு மட்டுமே இரண்டு, அத்துடன் மஞ்சளும் ஆரஞ்சும். வெள்ளை எங்குமே இல்லை!

பிக்சல்பித்தன்

வெள்ளை வராது சகோ, அது காகித நிறம் தானே. கடைக்காரர் சேர்த்துக்குவார்.

மைக்கறை

முதல் பாதி சரி, இரண்டாம் பாதியால்தான் வேலை கெட்டுப்போகுது. மென்பொருளுக்கு வெள்ளைன்னா 'மை இல்லை'ன்னு அர்த்தம். அப்படியே ஃபிலிம் எடுத்தால் விழாப் பெயர் எந்த ஃபிலிமிலும் இருக்காது. நிறப்பெட்டியில் புதுசா ஒரு ஸ்பாட் நிறம், அதாவது தனக்குன்னு தனித் தட்டு உள்ள நிறம், உருவாக்குங்க, `WHITE` னு பேர் வைங்க. கண்ணுக்குத் தெரியுறதுக்காக அதுக்கு வெளிர் ஊதாவோ எதுவோ கொடுங்க. ஃபிலிம் எப்படியும் கறுப்பாத்தான் வரும், கடையில் பேரைப் பார்த்துத்தான் மையை ஊற்றுவாங்க. இதே மாதிரி `YELLOW`, `RED`. மூன்றும் ஸ்பாட்டா இருக்கணும். பான்டோன் எண் தெரிஞ்சால் பேரோட சேர்த்து எழுதிடுங்க, திரையில் தெரியுற சிவப்பை நம்பி யாரும் மை கலக்க முடியாது.

சிவப்பு இரண்டாக் காட்டுறதுக்குக் காரணம், வரையும்போது எங்கேயோ கொஞ்சம் மாறின சிவப்பை எடுத்திருக்கீங்க. கண்ணுக்கு ஒன்று, ஃபைலுக்கு இரண்டு. ஒரு சிவப்பைத் தேர்ந்து `Select > Same > Fill Color` கொடுத்து, எல்லாத்தையும் புது `RED` ஆக்குங்க. அடுத்த சிவப்புக்கும் அதே. மேகத்துக்கு `WHITE` நிறத்தையே 35% சாயலா வைங்க. சாயல் அதே தட்டில்தான் நிற்கும், புதுத் தட்டு ஆகாது.

விழாக்குழு

செய்தேன். இப்போது மை இருப்பது மூன்று தட்டில்தான், நன்றி! ஆனால் மஞ்சள் தட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் சூரியனின் நடுவில் மட்டும் மஞ்சள் வட்டம், சிவப்புச் சாயல் இருக்கிற இடமெல்லாம் ஓட்டை. வெள்ளைத் தட்டிலும் சூரியன் முழுக்க ஓட்டை. இது சரிதானா?

மைக்கறை

சரியில்லை, இப்பவே பார்த்தது நல்லதாப் போச்சு. இதை அப்படியே அடிச்சிருந்தால் சூரியன் ஓரத்தில் ஆரஞ்சே வராது. அடியில் மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை, நேரே நீலத்துணி மேல சிவப்புப் புள்ளி விழுந்து காய்ந்த ரத்தக்கறை மாதிரி நிற்கும்.

மேல ஒரு பொருள் இருந்தால் கீழே இருக்கிறதை வெட்டி எடுக்கிறது மென்பொருளின் வழக்கம். காகித அச்சுக்கு அது நல்லது. நமக்கு மேல மேல அடிக்கணும். சிவப்புப் பொருளைத் தேர்ந்து `Attributes` பலகையில் `Overprint Fill` குறியைப் போடுங்க. மஞ்சளுக்கும் அதே. அப்புறம் `WHITE` நிறத்தில் சூரியனின் அடிவடிவம் ஒன்று எல்லாத்துக்கும் கீழே வைங்க. திரும்ப மூன்று தட்டையும் தனித்தனியாப் பாருங்க. வெள்ளையில் முழுச் சூரியன், மஞ்சளில் முழுச் சூரியன், சிவப்பில் ஓரத்து வளையம் மட்டும் மங்கி மங்கி. அப்படி வந்தால் சரி.

அந்த அடிவெள்ளையை மட்டும் கொஞ்சம் ஒடுக்கணும். `Object > Path > Offset Path` போய் `-0.75 pt` கொடுங்க. மேல வர்ற மஞ்சள் ஒரு முடி அளவு நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்காது. வெள்ளையாவே தெரிய வேண்டிய எழுத்தை ஒடுக்காதீங்க, அதுக்கு மேல ஒன்றும் வரப்போறதில்லை. ரேடியோவின் மஞ்சள் முகப்பில் வெள்ளை ஒலிபெருக்கிக் கட்டம் இருக்குன்னு நினைக்கிறேன், அங்கே வெள்ளை தொடர்ந்து ஓடட்டும், வெளி ஓரத்தில் மட்டும் ஒடுக்கினால் போதும்.

பிக்சல்பித்தன்

ஹாஃப்டோன் புள்ளியை அவங்களே ஃபோட்டோஷாப்பில் செய்து கொடுத்துட்டா கடைக்காரருக்கு வேலை மிச்சம்தானே?

மைக்கறை

வேண்டாம். கடையில் யாராவது ஃபைலை 95 சதவீதமாக் குறைச்சால் புள்ளியின் நெருக்கமும் மாறிடும், ஸ்கிரீன் வலையோட, அதாவது மெஷ் இழையோட மோதிக் கட்டம் கட்டமா அலை தெரியும். சாயலைச் சாயலாவே கொடுங்க, புள்ளியை ஃபிலிம் எடுக்கிற இடத்தில் போடட்டும். அவர்கிட்ட மெஷ் என்னன்னு மட்டும் கேட்டு வைங்க. அங்குலத்துக்கு 156 இழைன்னா 35 வரிப் புள்ளி, கோணம் 22.5. மெஷ் எண் வரியின் எண்ணைப் போல ஏறக்குறைய நாலரை மடங்கு இருக்கணும்.

நான் 35% சாயல்னு சொன்னதும் யோசிச்சுத்தான். ஈர மை பரவும். திரையில் 40 கொடுத்தால் துணியில் 50க்கு மேல போய் நிற்கும். 10க்குக் கீழே உள்ள புள்ளி ஸ்கிரீனிலேயே தங்காது. அதனால் சிவப்பை 0 வரைக்கும் மங்க விடாம, 10இல் நிறுத்தி, அங்கே ஒரு வடிவமான விளிம்பு வைங்க.

அடிவெள்ளை

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். எழுத்து, அடித்தளம், மேகப் புள்ளி, மூன்றையும் ஒரே வெள்ளை ஸ்கிரீனில் வைப்பது பேராசை. 156 மெஷ் புள்ளிக்கு வசதி, ஆனால் மை மெல்லிசாகத்தான் இறங்கும். விழாப் பெயர் வெள்ளையாக இருக்காது, சாம்பல் வெள்ளையாக இருக்கும். நான் எப்போதும் கடைசியில் எழுத்துக்கு மட்டும் இன்னொரு வெள்ளை ஸ்கிரீன் வைப்பேன். மூன்றுக்குப் பதில் நான்கு, ஆனால் தூரத்திலிருந்து எழுத்து அடிக்கும்.

மைக்கறை

உண்மைதான், அந்த வெள்ளைக்கு ஈடு கிடையாது. ஆனா அதே ஸ்கிரீனில் ஒரு தடவை இழுத்து, ஃபிளாஷ் பண்ணி, சட்டையை மேஜையிலிருந்து எடுக்காம இன்னொரு தடவை இழுத்தாலும் வெள்ளை ஏறும்.

அடிவெள்ளை

இரண்டாம் இழுப்பில் மேகப் புள்ளியும் பெருக்குமே. உங்கள் 35% அப்போது 60 ஆகிவிடும், மேகம் வெள்ளைப் பூசணியாகத் தெரியும்.

மைக்கறை

சாயலை 25க்கு இறக்கிக்கலாம். ஒரு துணியில் அடிச்சுப் பார்த்தால்தான் தெரியும். வாயால் தீராது.

விழாக்குழு

இரண்டு அண்ணன்களும் சண்டை போடும்போது நான் பின்பக்கத்தைக் கேட்டுவிடுகிறேன். எட்டு நிறுவனங்களின் சின்னங்கள். எல்லாமே வாட்ஸாப்பில் வந்த ஜேபெக். ஒருவர் தன் சின்னம் நீலத்தில்தான் வர வேண்டும் என்கிறார். கீழே தமிழில் ஒரு வரியும் உண்டு.

பிக்சல்பித்தன்

ஜேபெக்கை 300 டிபிஐக்கு மாற்றிடுங்க, போதும்.

மைக்கறை

எண்ணை மாற்றினால் படம் தெளியாது தம்பி. 600 பிக்சல் அகலப் படத்தை 4 அங்குலத்தில் வைத்தால் அங்குலத்துக்கு 150தான் கிடைக்கும். பெட்டியில் 300ன்னு எழுதினால் அது 2 அங்குலமாச் சுருங்கும், இல்லைன்னா மென்பொருள் இல்லாத பிக்சலைக் கற்பனை பண்ணி நிரப்பும். ஓரம் நுரைச்சுப் போகும். சின்னம் கொடுத்தவங்ககிட்ட வெக்டர் பிடிஎஃப் கேளுங்க. ஒற்றை நிறப் பிரதியும் பெரும்பாலும் அவங்ககிட்டயே இருக்கும். நீலம் கேட்டவர்கிட்ட, நீலத்துணியில் நீலம் தெரியாதுன்னு சொல்லிப் பாருங்க. அதுதான் நிஜமும்கூட.

தையல்மிஷின்

தமிழ் வரியைக் கவனியுங்கள். எங்கள் நிறுவனத்துக்கு வந்த ஒரு ஃபைலில் எழுத்தை வடிவமாக மாற்றாமல் விட்டிருந்தார்கள். கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் பிரிந்து அச்சாகி வந்தது, 80 சட்டை. அச்சடித்தவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் அவரும் நிறுத்தவில்லை.

மைக்கறை

அதுக்குத்தான் `Type > Create Outlines`. கோரலில் வேலை செய்றவங்களுக்கு `Ctrl+Q`. மாற்றுறதுக்கு முன்னால் ஒரு பிரதியைத் தனியாச் சேமிச்சுக்கோங்க, மாற்றின பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. மாற்றினதும் ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க.

இன்னொன்று, நம்ம எழுத்தில் சுழி ஜாஸ்தி. ண, ணை, ஞ, இ எல்லாத்திலும் உள்ளே சின்னக் கண் இருக்கும். மை பரவி அது அடைச்சுக்கும். ஆங்கில எழுத்து தாங்குற அளவில் தமிழ் தாங்காது. கோடு குறைஞ்சது 1 பாயிண்ட், கோட்டுக்கு நடுவில் துணி தெரியுற இடைவெளி ஒன்றரை, முடிஞ்சால் 2 பாயிண்ட். தடித்த எழுத்துருவைத் தவிர்த்துட்டு நடுத்தரத்துக்கு வாங்க.

விழாக்குழு

ஒரு வாரம் கழித்து வருகிறேன். பின்பக்கம் ஒரே வெள்ளை, ஏழு சின்னங்கள். நீலம் கேட்டவர் கடைசியில் விலகிக்கொண்டார், அதனால் கொஞ்சம் பணக்கஷ்டம்.

ஃபைலைப் பார்த்த அச்சுக்காரர் மூன்று தட்டையும் ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துப் பார்த்துவிட்டு, "யாரு பிரிச்சா?" என்று மட்டும் கேட்டார். அவரிடம் இருந்தது 120 மெஷ்ஷும் 156உம். மேகத்துக்காக 156 எடுத்தார். நேற்று ஒரு பழைய துணியில் மாதிரி அடித்தோம். ஒரு இழுப்பில் மேகம் அழகு, எழுத்து மங்கல். இரண்டு இழுப்பில் எழுத்து பிரமாதம், மேகம் அடிவெள்ளை அண்ணன் சொன்ன அதே பூசணி. சூரியன் மட்டும் எந்தக் குறையும் இல்லை, தூரத்தில் பார்த்தவர்கள் ஆரஞ்சு மை என்றே நினைத்தார்கள்.

பின்பக்கத் தமிழ் வரியில் 'இணைந்து' என்ற சொல்லில் ணை அடைத்துக்கொண்டது. எழுத்தை ஒன்றரை மடங்காக்கினேன்.

இன்று மாலை மேகத்தை 25% ஆக்கி இன்னொரு ஃபிலிம் எடுக்கிறோம். அதுவும் சரிவராவிட்டால் நான்காவது ஸ்கிரீனா, மேகத்தையே கோடுகளாக வரைந்துவிடுவதா என்று குழுவில் இரண்டு கட்சி.

அடிவெள்ளை

கோடு வரையுங்கள். கிடைமட்டமாக, மேலே தடித்து, கீழே வர வர மெலிந்து, 1 பாயிண்ட்டில் நிறுத்துங்கள். இரண்டு இழுப்பையும் தாங்கும்.

மைக்கறை

25ஐ முதலில் பாருங்க. ஃபிலிம் எடுத்ததும் எழுதுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும்.

கடைசிபெஞ்ச்

சட்டை மிச்சம் இருந்தா எனக்கு ஒரு L.